சம்பள உயர்வு கேட்பது: சாட்டில் தட்டியதை மேலாளருக்கான குறிப்பாக மாற்றும்போது வரும் கேள்விகள்

ஒரு குழுவை நடத்துவதால் சம்பள உயர்வு கேட்கும் குறிப்புகள் என் மேசைக்கு வருகின்றன. அனுப்புவதற்கு முன்னால் "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வேறு குழுக்காரர்கள் நீட்டுவதும் உண்டு. அப்போதெல்லாம் கேட்கப்படுவதைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். குழப்பம் வராமலிருக்க, கடைசிவரை ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: சப்ளையர்கள் அனுப்பும் பில்களைச் சரிபார்க்கும் ஒரு கணக்குப் பிரிவு ஊழியர். அவருடைய இப்போதைய அடிப்படைச் சம்பளத்தை 100 என்று கொள்வோம்.

சாட்ல ரெண்டு வரி தட்டினா போதாதா? எதுக்கு இவ்வளவு பெரிய குறிப்பு?

உங்கள் மேலாளர் தனியாக முடிவெடுக்கக்கூடியவர் என்றால் போதும். பெரும்பாலான இடங்களில் அவரால் முடியாது. அவர் "கொடுக்கலாம்" என்று நினைத்தாலும் தன் மேலாளரிடம், மனிதவளப் பிரிவிடம், நிதிப் பிரிவிடம் போய்க் கேட்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் முகம்கூடத் தெரியாது. "ஏன் இவருக்கு, ஏன் இப்போது, ஏன் இவ்வளவு" என்ற மூன்றைத்தான் அவர் கேட்பார். அந்த மூன்றுக்கும் பதில் உங்கள் குறிப்பில் இருந்தால் மேலாளர் அதை அப்படியே மேலே அனுப்பிவிடுவார். இல்லையென்றால் அவரே உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த வேலை அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப்போகும்.

ஆகவே குறிப்பை எழுதும்போது உங்களைத் தெரியாத அந்த இரண்டாவது ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. "சம்பளம் தொடர்பாக ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன், பேச நேரம் கிடைக்குமா" என்று கேட்க அது சரியான இடம்.

நான் எழுதி வச்சிருக்கிறது இதுதான். இதுல என்ன குறை?

> சார், ஒரு விஷயம் பேசணும். ரெண்டு வருஷமா சம்பளம் ஏறவே இல்ல. போன வருஷம் ஒருத்தர் வேலையை விட்டுப் போனாரே, அவரோட வேலையையும் நான்தான் பாக்கறேன். எவ்ளோ பில் வருதுன்னு உங்களுக்கே தெரியும். நைட் எல்லாம் உக்காந்து முடிக்கறேன். புதுசா வந்தவருக்கு என்னைவிட ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன். வாடகை வேற ஏறிடுச்சு. கொஞ்சம் பாத்து ஏதாவது பண்ணுங்க சார், ப்ளீஸ்.

இதில் தங்கம் போல ஒரு வரி இருக்கிறது, அது நடுவில் புதைந்து கிடக்கிறது: விட்டுப் போனவரின் வேலை உங்களிடம் வந்தது. வேலை மாறியிருக்கிறது, சம்பளம் மாறவில்லை. மனிதவளப் பிரிவால் மறுக்க முடியாத காரணம் இது ஒன்றுதான். இதை முதலில் கொண்டுவர வேண்டும். கூடவே எந்த மாதத்திலிருந்து, எந்த வேலை, அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தார்களா என்ற மூன்று விவரமும் வேண்டும்.

மற்றவை ஒவ்வொன்றாக. "உங்களுக்கே தெரியும்" என்பது மேலாளருக்குச் சரி, அவருக்கு மேலே இருப்பவருக்குத் தெரியாது. "நைட் எல்லாம் உக்காந்து" என்பது உழைப்பைச் சொல்கிறது, விளைவைச் சொல்லவில்லை. கேட்பவர் மனதில் "பகலில் ஏன் முடியவில்லை" என்றுகூடத் தோன்றலாம். "கேள்விப்பட்டேன்" என்ற சொல் விவாதத்தை உங்கள் வேலையிலிருந்து வதந்தியின் பக்கம் இழுத்துவிடும். வாடகைக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. கடைசி வரிதான் ரொம்ப இழப்பு: "ஏதாவது பண்ணுங்க" என்று கேட்டால் கிடைப்பதும் ஏதாவதாகத்தான் இருக்கும்.

செஞ்சதை எல்லாம் எழுதினா தற்பெருமை மாதிரி இருக்காதா?

"சிறப்பாக", "அர்ப்பணிப்போடு" போன்ற சொற்களைப் போட்டால் இருக்கும். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இடையில் நீங்கள் செய்தது என்ன என்று மட்டும் எழுதினால் அது வெறும் தகவல். நம் எடுத்துக்காட்டில் மாதக் கணக்கு முன்பு அடுத்த மாதத்தின் 9-ஆம் வேலைநாளில் முடிந்துகொண்டிருந்தது, இப்போது 5-ஆம் வேலைநாளில் முடிகிறது. இது நல்ல வரி. ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. ஜூன் மாதம் அந்த அலுவலகத்தில் புதிய கணக்கு மென்பொருள் வந்தது. "நான்கு நாள் குறைத்தேன்" என்று எழுதினால், நிதிப் பிரிவில் ஒருவர் "அது மென்பொருளால் வந்ததுதானே" என்பார். அதோடு மற்ற வரிகளின் நம்பகமும் போய்விடும்.

அதனால் பங்கைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மென்பொருள் வந்ததும் 9 என்பது 7 ஆனது, ஜூலை மாதக் கணக்கைப் பார்த்தால் தெரியும். அதன் பிறகு இவர் சப்ளையர்களின் கணக்கு அறிக்கைகளை மாத இறுதிவரை குவித்து வைக்காமல் 20-ஆம் தேதியே ஒப்பிடத் தொடங்கினார். அதனால் 7 என்பது 5 ஆனது. இரண்டு நாளை விட்டுக்கொடுத்து இரண்டு நாளை மட்டும் உரிமை கொண்டாடுகிறார். அந்த இரண்டை இனி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இதேபோல இன்னொரு பொறி சதவீதம். மாதம் 300 ஆக இருந்த பில்கள் 420 ஆகிவிட்டன, அதாவது 40 சதவீதம் கூடியிருக்கிறது. அதைக் காட்டி 40 சதவீத உயர்வு கேட்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும். பில் எண்ணிக்கைக்கும் சம்பளத்துக்கும் அப்படி நேர்க்கோட்டுத் தொடர்பு எந்த அலுவலகத்திலும் கிடையாது. எண்ணிக்கை உங்கள் காரணத்துக்குச் சான்று, அவ்வளவே. தொகை வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அப்ப எவ்வளவு கேக்கணும்? அவங்களே முடிவு பண்ணட்டும்னு விட்டுடலாமா?

விட வேண்டாம். எண் இல்லாத கோரிக்கை வழக்கமான ஆண்டு உயர்வோடு கலந்து காணாமல் போகும். எண்ணை எடுக்க நம்பகமான இடங்கள் இரண்டு. ஒன்று, உங்கள் நிறுவனத்தின் சம்பளப் படிநிலை. ஒவ்வொரு கிரேடுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அது பகிரப்பட்டிருக்கிறதா என்று மனிதவளப் பிரிவிடம் கேட்பதில் தவறில்லை. இரண்டு, நீங்கள் இப்போது உண்மையில் செய்யும் வேலைக்கு வெளியே வரும் விளம்பரங்கள். பதவியின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், பொறுப்புகளை வைத்துத் தேடுங்கள்.

நம் ஊழியருக்கு, பில் சரிபார்ப்பும் மாதக் கணக்கு முடிப்பும் சேர்ந்த வேலைக்கு, ஏறக்குறைய அதே அளவுள்ள நிறுவனங்களிலிருந்து மூன்று விளம்பரங்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 112, 118, 124. அவருடைய நிறுவனத்தில் அடுத்த கிரேடு 112-இல் தொடங்குகிறது. அவர் கேட்பது 118. மனதுக்குள் வைத்திருக்கும் அடிமட்டம் 112. குறிப்பில் 118 மட்டும் வரும். "112 முதல் 118 வரை" என்று எழுதினால் படிப்பவர் காதில் 112 மட்டும்தான் விழும்.

ஒப்பிடும்போது அடிப்படையை அடிப்படையோடு ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது போனஸ், படிகள் எல்லாம் சேர்ந்த மொத்தமாக இருக்கலாம். உங்கள் கையில் வரும் தொகையை அதன் பக்கத்தில் வைத்தால் இல்லாத பள்ளம் ஒன்று தெரியும். விளம்பர வரம்பின் மேல்முனை பெரும்பாலும் அதிக அனுபவம் உள்ளவருக்கானது என்பதையும் மறக்க வேண்டாம்.

வாடகை ஏறிடுச்சு, விலைவாசி ஏறிடுச்சு. அது நியாயமான காரணம் இல்லையா?

நியாயம்தான். ஆனால் உங்களுக்கு மட்டுமான காரணம் இல்லை. அதை ஏற்றுக்கொண்டால் குழுவில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், அந்த அதிகாரம் உங்கள் மேலாளரிடம் இருக்காது. வீட்டுச் செலவைச் சொன்னால் இன்னொரு சிக்கலும் உண்டு. சொந்த வீட்டில் இருக்கும் சக ஊழியருக்குக் குறைவாகக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

இரண்டு வருடமாக உயர்வே இல்லை என்றால் இதைக் கணக்காக மாற்றி ஒரே வரியில் வைக்கலாம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால், முன்பு 100 கொடுத்து வாங்கியதை வாங்க இப்போது 110.25 வேண்டும். மாறாத 100-இன் வாங்கும் திறன் சுமார் 90.7 ஆகச் சுருங்கியிருக்கிறது. அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டிலிருந்து உங்கள் நாட்டுக்கான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். முதன்மைக் காரணம் உங்களிடம் பலமாக இருந்தால் இந்த வரியே தேவையில்லை. நம் ஊழியரின் குறிப்பில் நான் இதைச் சேர்க்கவில்லை.

புதுசா வந்தவருக்கு என்னைவிட அதிகம்னு உறுதியாத் தெரியும். அதை எழுதினா என்ன?

எழுதினால், அடுத்த அரை மணி நேரம் "உங்களுக்கு யார் சொன்னது" என்பதிலேயே போகும். உண்மையில் உங்களுக்கு வேண்டியது அவருடைய சம்பளம் அல்ல, இந்த வேலைக்கு இப்போது சந்தையில் என்ன விலை என்பதற்கான சான்று. புதியவரை அந்தச் சம்பளத்துக்கு எடுத்தார்கள் என்றால் அதே விலை விளம்பரங்களிலும் தெரியும். மேலே சொன்ன மூன்று விளம்பரங்கள் அதே வேலையைச் செய்துவிடும், யாரையும் இழுக்காமல்.

ஒரே வேலைக்குப் பாலினம் போன்ற காரணத்தால் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் அது வேறு விஷயம். அது சம்பள உயர்வுக் கோரிக்கை அல்ல, புகார். பல நாடுகளில் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு சம்பள வெளிப்படைத்தன்மை ஆணை, சம மதிப்புள்ள வேலைக்கான சராசரிச் சம்பளத்தைப் பாலினவாரியாகக் கேட்டுப் பெறும் உரிமையை ஊழியருக்குத் தருகிறது. அந்த வழியில் போவதென்றால் இந்தக் குறிப்போடு கலக்காதீர்கள்.

சரி, முழுசா மாத்தி எழுதினா எப்படி இருக்கும்னு காட்டுங்களேன்.

> பொருள்: கூடுதல் பொறுப்பின் அடிப்படையில் சம்பள மறுபரிசீலனைக் கோரிக்கை
>
> வணக்கம் சார்,
>
> வரும் நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து என் அடிப்படைச் சம்பளத்தை 100-லிருந்து 118 ஆக உயர்த்தக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> நான் சேர்ந்தது பில் சரிபார்ப்புக்கு. மாதக் கணக்கு முடிப்பைப் பார்த்துவந்தவர் சென்ற ஆண்டு மார்ச்சில் விலகியதிலிருந்து அதையும் நானே செய்கிறேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கப்படவில்லை. என் சம்பளம் அதற்கு முன்பிருந்த அளவிலேயே இருக்கிறது.
>
> மாதக் கணக்கு முன்பு 9-ஆம் வேலைநாளில் முடிந்தது, இப்போது 5-ஆம் வேலைநாளில் முடிகிறது. இதில் இரண்டு நாள் புதிய மென்பொருளால் குறைந்தது. மீதி இரண்டு நாள், சப்ளையர் கணக்கு அறிக்கைகளை 20-ஆம் தேதியே ஒப்பிடும் முறையை நான் கொண்டுவந்ததால் குறைந்தது. இதே காலத்தில் மாதச் சராசரி பில்கள் 300-லிருந்து 420 ஆகியும் சரிபார்ப்பில் தேக்கம் இல்லை. இரண்டாம் முறை அனுப்பப்பட்ட 7 பில்களைப் பணம் போவதற்கு முன் நிறுத்தியிருக்கிறேன். பட்டியலை இணைத்துள்ளேன்.
>
> இந்த இரண்டு பொறுப்பும் சேர்ந்த வேலைக்கு நம் அளவுள்ள நிறுவனங்களின் மூன்று விளம்பரங்களில் அடிப்படைச் சம்பளம் 112, 118, 124 என்று இருக்கிறது. நடுவில் இருப்பதைக் கேட்கிறேன்.
>
> அடுத்த வாரம் இதுபற்றிப் பேச 20 நிமிடம் ஒதுக்க முடியுமா? முடிவெடுக்க வேறு விவரம் தேவைப்பட்டால் அதற்கு முன்பே தருகிறேன்.

சாட் வரைவில் இருந்ததில் தங்கியது ஒரே காரணம். இரவு உழைப்பு, வாடகை, புதியவர் மூன்றும் போய்விட்டன. புதிதாக வந்தவை தேதி, எண், தொகை, சந்திப்பு. 100, 118 என்ற இடங்களில் உங்கள் உண்மையான தொகையைப் போடுங்கள்.

படிச்சா ரொம்பக் கறாரா இருக்கே. எங்க சார் தப்பா எடுத்துக்க மாட்டாரா?

கெஞ்சல் போனதால் அப்படித் தோன்றுகிறது. மரியாதை போகவில்லை: வணக்கம் இருக்கிறது, சார் இருக்கிறார், "கேட்டுக்கொள்கிறேன்" இருக்கிறது. கறாராக ஆக்கும் வரிகள் வேறு: "இல்லையென்றால் நான் யோசிக்க வேண்டியிருக்கும்", "இதற்கு மேல் என்னால் முடியாது". அவை இதில் இல்லை. உங்கள் மேலாளரை அக்கா என்றோ பெயர் சொல்லியோ அழைப்பீர்கள் என்றால் முதல் வரியில் அப்படியே அழைக்கலாம், ஆனால் குறிப்பின் மற்ற வரிகளை மாற்றாதீர்கள். இது மேலே போகும் குறிப்பு என்று முதல் பதிலிலேயே பார்த்தோம்.

எப்ப அனுப்பினா நல்லது?

அடுத்த ஆண்டின் சம்பளப் பட்ஜெட் முடிவாவதற்கு முன்னால். பலரும் மதிப்பீட்டுக் கூட்டத்தில் கேட்கக் காத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டம் நடக்கும்போது தொகை பெரும்பாலும் பிரிக்கப்பட்டு முடிந்திருக்கும். பட்ஜெட் எந்த மாதம் போகிறது என்று மேலாளரிடமே சாதாரணமாகக் கேளுங்கள், சொல்லிவிடுவார்.

என் வேலையில எண்ணே கிடையாது. நான் வரவேற்பு மேசையில இருக்கேன். என்ன எழுதறது?

எண் இல்லாவிட்டாலும் முன்பு–இப்போது என்ற அமைப்பு இருக்கும். எந்த வேலை முன்பு வேறு ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தது, இப்போது உங்களிடம் முடிகிறது? சந்திப்பு அறை ஒதுக்கீடு, கூரியர் பதிவு, புதியவர்களுக்கான அடையாள அட்டை என்று தேடினால் இரண்டு மூன்று அகப்படும். நீங்கள் விடுப்பில் இருந்த நாட்களில் எது நின்றுபோனது என்று யோசித்தாலும் தெரியும். அதைக் குத்தலாக இல்லாமல், "இவை இப்போது என் பொறுப்பில் நடக்கின்றன" என்று எழுதுங்கள். எண்ணை மட்டும் இட்டுக்கட்ட வேண்டாம். "திறன் 30 சதவீதம் கூடியது" என்று எழுதி, எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் நிற்க இடமில்லாமல் போகும்.

கையில வேற கம்பெனி ஆஃபர் இருக்கு. அதையும் போட்டுடலாமா?

கேட்ட உயர்வு கிடைக்காவிட்டால் உண்மையிலேயே போய்விடுவீர்களா? ஆம் என்றால் பேசலாம், அதுவும் நேரில். இல்லை என்றால் வாயைத் திறக்க வேண்டாம். மேலாளர் "சரி, வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டால் திரும்பி வர வழியில்லை.

எழுத்தில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. குறிப்பின் வாதம் "என் வேலை மாறியிருக்கிறது, சம்பளம் அதற்கு ஏற்ப இல்லை" என்பது. ஆஃபரைச் சேர்த்ததும் அது "தராவிட்டால் போகிறேன்" என்று ஆகிவிடும், மற்ற பத்திகளை யாரும் படிக்க மாட்டார்கள். அப்படி உயர்வு கிடைத்தாலும், இவர் போகக்கூடியவர் என்ற எண்ணம் அடுத்த பொறுப்பைப் பிரிக்கும்போது மேலாளர் மனதில் வரும். நானும் ஒரு மேலாளர் என்பதால் சொல்கிறேன், வரத்தான் செய்யும்.

அனுப்பி பத்து நாளாச்சு, பதிலே வரலை.

அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரி: "முன்பு அனுப்பிய குறிப்பு பற்றிப் பேச வியாழன் அல்லது வெள்ளி வசதிப்படுமா?" நாளைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்வது எளிது. காரணங்களை மறுபடி எழுத வேண்டாம், குழு சாட்டில் நினைவூட்டவே வேண்டாம்.

'பட்ஜெட் இல்லை'ன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதானா?

அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பதில்கள் ஒளிந்திருக்கலாம். உண்மையாகவே இந்த ஆண்டு பணம் இல்லை; அல்லது உங்கள் கிரேடின் மேல்வரம்பைத் தொட்டுவிட்டீர்கள்; அல்லது உங்கள் வாதம் அவர்களை அசைக்கவில்லை. எது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. "பணம் இருந்திருந்தால் இந்தக் கோரிக்கையை மேலே பரிந்துரைத்திருப்பீர்களா?" என்று கேளுங்கள். "கண்டிப்பாக" என்று உடனே வந்தால் முதலாவது. "உன் கிரேடுக்கு இதுதான் உச்சம்" என்றால் இரண்டாவது. அப்போது சம்பள உயர்வு கேட்பதை நிறுத்திவிட்டு கிரேடு மாற்றம் கேட்க வேண்டும், 112-இல் தொடங்கும் அந்த அடுத்த படி அங்கேதான் உதவும். இழுத்துப் பேசினால் மூன்றாவது. எந்தப் பகுதி போதவில்லை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசி முடித்த அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று பேசியதன்படி, இந்த நிதியாண்டில் இடமில்லை, அடுத்த பட்ஜெட்டில் 118-க்கான கோரிக்கையைச் சேர்ப்பதாகச் சொன்னீர்கள். பட்ஜெட் தொடங்கும்போது நினைவூட்டுகிறேன். நன்றி." மேலாளர் மாறிப்போனாலும் இது இருக்கும்.

பணம் இப்ப இல்லை, 'மூத்த'ங்கிற பதவிப் பெயர் மட்டும் தர்றோம், ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்கிறாங்க. ஒத்துக்கலாமா?

பெயரோடு கிரேடும் மாறுகிறதா என்று முதலில் கேளுங்கள். கிரேடு மாறினால் உங்கள் சம்பளம் அந்தக் கிரேடின் குறைந்தபட்சத்துக்குக் கீழே இருக்கும், நம் எடுத்துக்காட்டில் 112-க்குக் கீழே 100. அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு வலுவான பிடி கிடைக்கிறது. கிரேடு மாறாமல் பெயர் மட்டும் மாறினால் அது வெளியே வேலை தேடும்போது உதவும், இங்கே எதையும் மாற்றாது.

ஏற்றுக்கொள்வதென்றால் "பாக்கலாம்" என்பதை எழுத்தில் தேதியாகவும் தொகையாகவும் மாற்றுங்கள்: எந்த மாதச் சம்பளத்திலிருந்து, எவ்வளவு, அதற்கு இடையில் நீங்கள் காட்ட வேண்டியது என்ன. "பதவி மாற்றத்தை ஏற்கிறேன். செப்டம்பர் மாதச் சம்பளத்திலிருந்து அடிப்படை 118 என்று புரிந்துகொள்கிறேன், சரிதானா?" என்று ஒரு கேள்வியாக அனுப்பினால் போதும். "ஆம்" என்று பதில் வந்தால் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். "அப்படி உறுதி சொல்ல முடியாது" என்று வந்தால், புதிய பெயரோடு வரும் புதிய வேலைகளில் எவற்றை அதுவரை ஏற்பது, எவற்றைத் தள்ளிவைப்பது என்று அந்தத் தொடரிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.